காய்ச்சல் மாத்திரை: மணிக்கணக்கும் நாட்கணக்கும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அனந்தபுரத்திலும் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் காய்ச்சலும் உடன் தொடங்கிவிடுகிறது. தறி ஓடும் வீடுகளில் தண்ணீர்த் தொட்டியிலும் சாயத் தொட்டியிலும் பிறக்கும் கொசு ஒரு வகைக் காய்ச்சலைத் தருகிறது. மலையடிவாரத்துப் புதரிலும் மணிலாக் கொல்லையின் வரப்புப் புல்லிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும் சிறு பூச்சி வேறொரு வகையைத் தருகிறது. இவையன்றிச் சாதாரணச் சளிக் காய்ச்சலும் உண்டு. முதல் நாளில் இம்மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். அதனால் பெரும்பாலோர் செய்வது ஒன்றே. கடைக்குச் சென்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அதில் பிழையில்லை. ஆனால் எவ்வளவு போடுவது, எத்தனை மணிக்கு ஒரு முறை போடுவது, எத்தனை நாள் வீட்டிலேயே பார்ப்பது என்னும் மூன்றிலுந்தான் தவறு நேர்கிறது. பெரியவர்களுக்கு வரும் காய்ச்சலைப் பற்றி மட்டும் இங்கே கூறுவோம். குழந்தைகளுக்குரிய அளவு எடையைப் பொறுத்து மாறுவது. அது வேறு செய்தி.

முதலில் காய்ச்சல் என்பதை அளந்தறிய வேண்டும். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது காய்ச்சல் உண்டு, இல்லை என்பதற்கு ஓரளவு உதவும்; எவ்வளவு என்பதற்கு உதவாது. தர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். நாக்கின் அடியில் வைத்துப் பார்க்கும்போது பாரன்ஹீட் 100.4 டிகிரியும் அதற்கு மேலும் காட்டினால் காய்ச்சல் என்று கொள்ளலாம். சூடான காப்பியோ கஞ்சியோ குடித்த உடனே பார்த்தால் பொய்க்கணக்கு வரும். கால் மணி நேரமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும். அக்குளில் வைத்தால் வாயில் காட்டுவதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். நல்ல உடம்பிலும் காலையைவிட மாலையில் சூடு சிறிது ஏறியிருப்பது இயல்பு. ஆதலால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்து, நேரத்தோடு ஒரு தாளில் குறித்துவருவது நலம். அந்தத் தாளின் பயன் பின்னால் விளங்கும்.

காய்ச்சலுக்கு வீட்டில் கொடுக்கத்தக்க மருந்து பாராசிட்டமால் ஒன்றே என்று வைத்துக்கொள்ளலாம். நம் கடைகளில் 500 மில்லிகிராம் மாத்திரையும் 650 மில்லிகிராம் மாத்திரையும் கிடைக்கின்றன. உறைமேல் பெயர் பலவாறாக இருக்கும். பெயரைப் பாராமல் அடியில் அச்சிட்டுள்ள மருந்தின் பெயரையும் அளவையும் பார்க்க வேண்டும். ஐம்பது கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள பெரியவருக்கு ஒரு வேளைக்கு 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும். எடை குறைந்தவர்க்கு 500 மில்லிகிராம் தகும். ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையே ஆறு மணி நேரம் விடுவது நல்ல வழக்கம். மிகவும் தாளாத நிலையிலும் நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி போடலாகாது. ஒரு நாளில், அதாவது 24 மணி நேரத்தில், நான்கு மாத்திரைக்கு மேல் போகாதிருந்தால் அபாயத்துக்கு இடமில்லை. திடகாத்திரமான பெரியவர்க்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4000 மில்லிகிராம் என்று மருத்துவ நூல்கள் கூறும். நம்மில் பலர் எடை குறைந்தவர்கள்; காய்ச்சலில் சோறும் இறங்காதவர்கள். அந்த வரம்பைத் தொடாமல் நிற்பதே நமக்குப் பொருந்தும்.

ஏன் இந்த மணிக்கணக்கு? மாத்திரை விழுங்கி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். இரத்தத்திலுள்ள மருந்தில் பாதியை இரண்டு மூன்று மணி நேரத்தில் கல்லீரல் கழித்துவிடும். எனவே நான்கைந்து மணிக்குப் பின் காய்ச்சல் மறுபடி ஏறுவது மருந்து வேலை செய்யாமையால் அன்று. நோய் இன்னும் உள்ளே இருப்பதால். கழிக்கும் வேலையில் மருந்தின் ஒரு சிறு பங்கு நச்சுப் பொருளாக மாறுகிறது. அதை முறிக்கும் சத்து ஒன்று கல்லீரலில் கையிருப்பாக உள்ளது. அளவோடு போட்டால் அந்தக் கையிருப்பு அன்றாடம் நிரம்பிக்கொள்ளும். மேலும் மேலும் போட்டால் கையிருப்பு தீர்ந்து, நஞ்சு கல்லீரலையே தாக்கும். பட்டினி கிடப்பவர்க்கும் நாள்தோறும் மது அருந்துபவர்க்கும் அந்தக் கையிருப்பு முன்னரே குறைந்திருக்கும். அத்தகையோரும், மஞ்சட்காமாலை முதலிய ஈரல் நோய் உள்ளவர்களும் நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும்; அதையும் டாக்டரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். அளவு மீறியதன் கெடுதி உடனே வெளிப்படாது என்பதே இதில் பெரிய அபாயம். முதல் நாள் சற்றுக் குமட்டலோடு போய்விடும். இரண்டு மூன்று நாள் கழித்தே ஈரல் கெட்டது தெரியும். மாற்று மருந்து உண்டு. அதை முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பயன். ஆகையால் தவறுதலாக அதிகம் போட்டுவிட்டால், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அதிகம் போடுவது பெரும்பாலும் வேண்டுமென்றே நேர்வதில்லை. மருந்து கொடுக்கும் சாளரத்தின் முன் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். காய்ச்சலுக்கு என்று ஒன்று, சளிக்கு என்று ஒன்று, உடம்பு வலிக்கு என்று ஒன்று என மூன்று மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து வாங்கிச் செல்வார்கள். மூன்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். வேளைக்கு மூன்றாக, நாளைக்கு மூன்று வேளை போட்டால் கணக்கு என்னாகும் என்று நூல் எண்ணத் தெரிந்தவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உறையில்லாமல் உதிரியாக மாத்திரை வாங்குவதை விட்டுவிட்டாலே இந்தத் தொல்லையில் பாதி தீரும்.

இனி, மழைக்காலக் காய்ச்சலில் போடக் கூடாத மாத்திரைகள் சில உண்டு. ஆஸ்பிரின், புரூபென், டைக்ளோபினாக், நிமெசுலைடு ஆகியவை அவை. உடம்பு வலிக்கு இவை பாராசிட்டமாலைவிட நன்றாகக் கேட்கும் என்பது உண்மையே. ஆனால் டெங்குக் காய்ச்சலில் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைகின்றன. இம்மருந்துகள் அவற்றின் வேலையை மேலும் கெடுத்து, வயிற்றுக்குள் புண்ணையும் உண்டாக்கி இரத்தக்கசிவுக்கு வழி செய்யும். 'ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்' என்று கேட்டுப் போட்டுக்கொள்ளும் ஊசியிலும் பெரும்பாலும் இருப்பது டைக்ளோபினாக்தான். இருதய நோய்க்காக டாக்டர் சொற்படி அன்றாடம் ஆஸ்பிரின் உட்கொள்பவர் தாமாக நிறுத்தாமல், காய்ச்சல் வந்ததைச் சொல்லி அவரையே கேட்க வேண்டும்.

இவற்றை ஒருவருடைய காய்ச்சலில் வைத்துப் பார்ப்போம். இது பலருக்கு நேர்வதை ஒருவர்மேல் வைத்துச் சொல்வது. குழித்தறியில் நெய்பவர், வயது நாற்பது, எடை 52 கிலோ, மதுப் பழக்கம் இல்லை. செவ்வாய்க்கிழமை மாலை தறியில் இருக்கும்போதே தலை இடிக்கிறது. கண்ணுக்குப் பின்னால் வலி. இடுப்பு முறிவதுபோல் இருக்கிறது. ஆறரை மணிக்கு 102.4 டிகிரி. 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போடுகிறார். ஏழரைக்கு 100.8 டிகிரியாக இறங்குகிறது. இதுவே போதுமான பலன். காய்ச்சலை 98 டிகிரிக்குக் கொண்டுவந்தே தீருவது மாத்திரையின் வேலையன்று; நோயாளி தண்ணீர் குடிக்கவும் உறங்கவும் இயலும்படி ஒன்றிரண்டு டிகிரி குறைப்பதே அதன் வேலை.

ஒன்பதரை மணிக்கு மீண்டும் 101.8. மனைவி இன்னொரு மாத்திரையை எடுத்து வருகிறார். மூன்று மணி நேரந்தான் ஆகியிருக்கிறது. இங்கேதான் பொறுக்க வேண்டும். போர்த்திய கம்பளியை நீக்கி, மெல்லிய துணி ஒன்றை மட்டும் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து நெற்றி, கழுத்து, அக்குள், கைகால்களைத் துடைக்கிறார்கள். ஐஸ் தண்ணீர் ஆகாது. அது தோலைச் சுருக்கி நடுக்கத்தை உண்டாக்கும், நடுக்கம் மேலும் சூட்டை உண்டாக்கும். நடுக்கம் இருக்கும்போது துடைப்பதையும் நிறுத்தி, நடுக்கம் தீரும்வரை போர்த்திவிடலாம். இரவு பன்னிரண்டரைக்கு இரண்டாவது மாத்திரை. பின்னர் உறங்கிவிடுகிறார். உறங்குபவரை மாத்திரைக்காக எழுப்ப வேண்டியதில்லை. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மூன்றாவது. பகல் ஒரு மணிக்கு நான்காவது. ஆக மொத்தம் 2600 மில்லிகிராம். ஐந்தாவது மாத்திரை, முதல் மாத்திரை போட்டு ஒரு முழுநாள் கழிந்த பிறகு, புதன் இரவு ஏழு மணிக்கு. இந்தக் கணக்கு எல்லாம் தாளில் ஏறிவிடுகிறது. இல்லாவிட்டால் பகலில் மனைவி ஒன்றும், அதை அறியாமல் மாலையில் மகன் ஒன்றும் கொடுத்துவிடுவது எளிது.

மாத்திரையைவிட முக்கியமானது தண்ணீர். நாளொன்றுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் வரை உள்ளே போக வேண்டும். உப்பிட்ட கஞ்சி, மோர், இளநீர், பருப்புத் தண்ணீர் எதுவானாலும் சரி. ஓ.ஆர்.எஸ். பொடியானால், ஒரு லிட்டருக்குரிய உறை முழுவதையும் ஒரு லிட்டரிலேயே கரைக்க வேண்டும்; ஒரு குவளையில் அரை உறையைக் கொட்டிக் கரைத்தால் உப்பு மிகும். இருதயமோ சிறுநீரகமோ கெட்டு நீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் போதுமா என்பதைச் சிறுநீர் சொல்லும். நான்கைந்து மணிக்கு ஒரு முறையேனும் வெளிர் நிறத்தில் கழிந்தால் போதும்.

வியாழக்கிழமை மூன்றாம் நாள். காய்ச்சல் இறங்கவில்லை. பொதுவாக மூன்று நாளைக்கு மேல் நீடிக்கும் எந்தக் காய்ச்சலையும் வீட்டில் வைத்திருக்கலாகாது. மழைக்காலத்தில் மூன்றாம் நாளே சென்றுவிடுவது மேல். அவர் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்கிறார். முதல் ஐந்து நாளுக்குள் டெங்குவைக் காட்டும் என்.எஸ்.1 என்னும் சோதனை செய்கிறார்கள். டெங்கு என்று வருகிறது. தட்டணுக்கள் 1,10,000. படுக்கையில் சேர்க்க வேண்டிய நிலையன்று. வீட்டிலேயே இருந்து, நாள்தோறும் வந்து இரத்தம் பார்த்துச் செல்லும்படி சொல்கிறார்கள்.

சனிக்கிழமை ஐந்தாம் நாள் காலையில் மாத்திரை இல்லாமலே 98.8 டிகிரி. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. தறியில் அறுந்த இழையை மாலையில் கூட்டிவிடலாம் என்றுகூட நினைக்கிறார். டெங்குவில் ஏமாறும் இடம் இதுவே. காய்ச்சல் விடும் அந்த நாளிலிருந்து இரண்டு நாள் வரை இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிந்துவிடக்கூடும். குழாய்க்குள் இரத்தம் கெட்டியாகும். இரத்த அழுத்தம் விழும். சுடவில்லையே என்று இருந்தால் உடம்பு சில்லிட்டுப் போகும்.

அன்று பகல் அவருக்கு மூன்று முறை வாந்தி. மேல் வயிற்றில் விடாத வலி. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. கைகால் குளிர்ந்திருக்கிறது. விடியலில் சிறுநீர் கழித்ததுதான். எட்டு மணி நேரமாக இல்லை. தாளைப் பார்த்த மகனுக்கு இது விளங்கிவிடுகிறது. மாலை வரை காத்திராமல் 108 வண்டியை அழைத்துச் செஞ்சி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறார்கள். வியாழனன்று 40 விழுக்காடாக இருந்த இரத்தச் சிவப்பணுக்களின் பங்கு இப்போது 48. தண்ணீர் வெளியே கசிந்ததற்கு அதுவே சாட்சி. அளந்து அளந்து குளூக்கோஸும் உப்பு நீரும் ஏற்றுகிறார்கள். இரண்டு நாளில் தேறிவிடுகிறார். தட்டணுக்கள் தாமாகவே ஏறின. தட்டணு எண்ணிக்கையையே எல்லாரும் கேட்டுக் கவலைப்படுகிறோம். கவனிக்க வேண்டியவை வயிற்று வலியும், வாந்தியும், சிறுநீரும், ஈறிலோ மூக்கிலோ மலத்திலோ இரத்தமும், நோயாளியின் சோர்வோ பதற்றமோ ஆகும். 2012ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் டெங்கு கடுமையாகப் பரவியபோது அரசே நிலவேம்புக் குடிநீர் வழங்கிற்று. குடிக்க விரும்புபவர் குடிக்கலாம். ஆனால் அதைக் குடித்தோம் என்று இந்த அடையாளங்களைப் பாராமல் விடுவதுதான் கூடாது.

நெசவாளருக்குச் சொன்னது போதும். விவசாயிக்கு வரும் மற்றொரு காய்ச்சலைச் சொல்ல வேண்டும். இதை 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறார்கள். மருத்துவர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். பெயர் அப்படி இருந்தாலும் இதைத் தருவது நாயின்மேல் ஊரும் உண்ணியன்று. புதரிலும் உயர்ந்த புல்லிலும் இருக்கும், கண்ணுக்குப் புலப்படாத ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு இது. கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். ஆவணி தொடங்கித் தை, மாசி வரையில் வேலூர், புதுவை, விழுப்புரம் பகுதிகளில் இது மிகுதி. கடும் தலைவலியோடு காய்ச்சல் ஏறும். பாராசிட்டமால் போட்டால் இறங்கும். ஆறு மணியில் மறுபடி ஏறும். இப்படியே ஒரு வாரம் போகும்.

கடித்த இடத்தில் சிலருக்குச் சிகரெட் நெருப்புச் சுட்டாற்போல் கருத்த பொருக்கு ஒன்று காணப்படும். வலிக்காது, அரிக்காது, ஆதலால் நோயாளிக்கே தெரியாது. உடுப்பு இறுக்கும் இடங்களில், அதாவது அரைஞாண் கயிற்றின் கீழ், தொடையிடுக்கில், அக்குளில், பெண்களுக்கு மார்பின் கீழ் இருக்கும். வெட்கத்தால் காட்டாமல் விடுவதும் உண்டு. மூன்று நாளாகக் காய்ச்சல் என்றால் வீட்டார் விளக்கு வெளிச்சத்தில் உடம்பு முழுவதும் பார்ப்பது தவறாகாது. பொருக்கு இல்லாமலும் இந்நோய் வரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். டாக்டரிடம் சென்றால் 'புல்லில் வேலை செய்தேன், வேலியோரம் சுள்ளி பொறுக்கினேன்' என்பதை அவர் கேளாமலே சொல்ல வேண்டும். இதற்கு மருந்து உண்டு; டாக்சிசைக்ளின் என்பது அதன் பெயர். மிக மலிவானது. பெரும்பாலோர்க்கு இரண்டு நாளுக்குள் காய்ச்சல் விட்டுவிடும். ஆனால் சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டாவது வாரம் வரை மாத்திரையால் மூடிவைத்தால் மூச்சுத் திணறலும் மயக்கமும் வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியதாகும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று ஏழு மருத்துவமனைகளில் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2023இல் வெளிவந்தது. கடுமையான நிலையில் டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசின் என்னும் மருந்தையும் சேர்த்து நரம்பின் வழியே ஏற்றுவது, இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட நல்ல பயன் தருகிறது என்பது அதில் தெளிவாயிற்று. அந்த நிலைக்குப் போகாதிருப்பது நம் கையில் உள்ளது.

நாட்கணக்குப் பாராமல், முதல் மணியிலேயே புறப்பட வேண்டிய நிலைகளும் உண்டு. பேச்சு குழறுதல், ஆளை அடையாளம் தெரியாமை, வலிப்பு, கழுத்தை மார்போடு குனிய முடியாத விறைப்பு, நகத்தால் அழுத்தினாலும் மறையாத செந்நிறப் புள்ளிகள் ஆகியவை அவை. மூச்சை எண்ணிப் பாருங்கள். அமர்ந்திருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 25 முறைக்கு மேல் மூச்சு விட்டால் நுரையீரலில் தொல்லை இருக்கலாம். கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், அறுபதைக் கடந்தவர்கள் ஆகியோர் மூன்று நாள் பொறுக்க வேண்டியவர் அல்லர். மறுநாளே செல்ல வேண்டும். முதியவர்க்குக் கடும் தொற்று இருக்கும்போதும் காய்ச்சல் 100 டிகிரியைத் தாண்டாமலே இருக்கக்கூடும். சாப்பிடாமல் ஒரு மூலையில் சுருண்டு கிடப்பதே அவர்களுக்குக் காய்ச்சல் என்று கொள்க.

சித்திரை வெயிலில் கொல்லையில் நின்றவர் 104 டிகிரிக்கு மேல் சுட்டு, உளறி விழுந்தால் அது காய்ச்சல் அன்று, வெப்பத் தாக்கு. அதற்குப் பாராசிட்டமால் ஒரு பயனும் தராது. நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, மேலெல்லாம் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். அறிவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது.

மருத்துவமனைக்குச் செல்லும்போது முன்பு சொன்ன தாளை மறவாமல் கொண்டு செல்ல வேண்டும். காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும், பார்த்த உஷ்ணங்கள், போட்ட மாத்திரையின் பெயரும் அளவும் மணியும், கடைசியாகச் சிறுநீர் கழிந்த வேளை ஆகிய இவ்வளவும் அதில் இருந்தால், இது எத்தனையாவது நாள் என்று டாக்டர் கேட்கும்போது வீட்டில் ஆளுக்கு ஒரு நாள் சொல்ல வேண்டியிராது. வெறும் உறையையாவது எடுத்துச் செல்லுங்கள். 'வெள்ளை மாத்திரை' என்று சொன்னால் கடையில் உள்ளவற்றில் பாதி அதுதான்.